விளையாட்டாக எழுதியது குத்தலாகப் படுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மும்பையில் தமிழர்கள் சேர்ந்து வாழும் சொசைட்டிகளில் பண்டிகைக்குப் பண்டிகை ஒரு வேலை வரும். செயலாளர் மாமியோ மாமாவோ வாட்ஸப் குழுவுக்கு ஒரு அறிவிப்பை எழுதிவிட்டு, "இது ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கு, கொஞ்சம் ஜாலியா மாத்திக் குடு" என்று யாரிடமாவது தருவார்கள். ஜாலியாக மாற்றுவது எளிது. மாற்றியதைப் படித்து யாரும் "என்னைத்தானே சொல்றாங்க?" என்று கேட்காமல் இருக்கச் செய்வதுதான் சிரமம்.

செம்பூரில் எங்கள் சொசைட்டியில் பொங்கலுக்கு முன் வந்த ஒரு செய்தியை வைத்தே இதைப் பார்ப்போம். செயலாளர் மாமி எழுதியது இது:

> ஞாயிறு காலை 11.30 மணிக்கு மொட்டை மாடியில் பொங்கல். 12.30க்கு சாப்பாடு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 15 பேருக்கு ஆகிற மாதிரி ஒரு பதார்த்தம். என்ன கொண்டு வருகிறீர்கள் என்று வெள்ளிக்குள் சொல்லவும். வடை அதிகம் வேண்டாம், போன வருஷம் மிஞ்சிவிட்டது. நேரத்துக்கு வரவும்.

இரண்டாம் மாடியில் இருக்கும் கல்லூரி மாணவன் அதை மாற்றிக் கொடுத்தது இது:

> மக்களே, பொங்கலோ பொங்கல்! 🎉 ஞாயிறு காலை 11.30, மொட்டை மாடி. இந்த வருஷமாவது எல்லாரும் நேரத்துக்கு வந்துடுங்க, "மெகா பிளாக்காம்" கதையெல்லாம் செல்லாது 😂 வீட்டுக்கு ஒரு ஐட்டம், 15 பேருக்கு. அஞ்சாம் மாடி வடை மன்னர் இம்முறை ஓய்வெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார் 🙏 போன வருஷ வடைல பல்லு போனவங்க இன்னும் டாக்டர் பில் அனுப்பிட்டிருக்காங்க. சமையல் தெரியாத பேச்சிலர்ஸ்கூட ஏதாவது கொண்டு வரலாம்! 12.30க்கு சாப்பாடு. வெள்ளிக்குள்ள சொல்லிடுங்க.

மும்பையில் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவைப்பதைத்தான் மெகா பிளாக் என்கிறார்கள். பையன் கெட்டிக்காரன். வேகமாகப் படித்தால் சிரிப்பும் வருகிறது. ஆனால் இது குழுவில் போயிருந்தால் மூன்று வீடுகளில் முகம் சுண்டியிருக்கும். எங்கெங்கே என்று ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கலாம்.

அறிகுறி: எழுதினவருக்குச் சிரிப்பாக இருக்கிறது, வேறொருவர் படித்தால் இல்லை

எழுதும்போது நம் மனசுக்குள் ஒரு குரல் ஓடுகிறது. அந்தக் குரலில் சிரிப்பு இருக்கும், நீட்டல் இருக்கும். அனுப்பும்போது எழுத்து மட்டும் போகிறது, குரல் நம்மிடமே தங்கிவிடுகிறது. இதை 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்ளி முதலிய உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மின்னஞ்சலில் தாங்கள் எழுதியது நிஜமா கிண்டலா என்பதைப் படிப்பவர் சுமார் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் உண்மையில் கண்டுபிடித்தது சுமார் 56 சதவீதம். பூவா தலையா போட்டுச் சொல்லியிருந்தாலே 50 கிடைத்திருக்கும்.

அதனால் எழுதினவரே மறுபடி மறுபடி படித்துப் பார்ப்பதில் பயன் இல்லை, அதே குரல்தான் திரும்பக் கேட்கும். செய்தியை இன்னொருவரிடம் கொடுத்து, செய்தி வாசிப்பவர் போல ஏற்ற இறக்கமின்றிச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அருகில் ஆள் இல்லையென்றால், பார்க்கிங் விஷயத்தில் நம்மோடு முறைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இதே செய்தியை அனுப்பியதாக நினைத்துக்கொண்டு படியுங்கள். நண்பர் சொன்னால் சிரிப்பும், முறைப்பவர் சொன்னால் கோபமும் வருகிற வரி இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். மாணவனின் செய்தியில் இந்தச் சோதனை மூன்று இடங்களில் சிக்கியது: மெகா பிளாக், வடை, பேச்சிலர்ஸ். மற்ற வரிகளெல்லாம் யார் அனுப்பினாலும் ஒரே மாதிரிதான் படிக்கக் கிடைத்தன.

அறிகுறி: சிரிப்பு ஒரு ஆள் தலையில் போய் முடிகிறது

வடை வரியை எடுத்துக்கொள்வோம். பெயர் சொல்லவில்லை என்று பையன் வாதாடினான். ஐந்தாம் மாடியில் போன வருஷம் வடை கொண்டுவந்தவர் ஒரே ஒரு மாமா. குழுவில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். பெயரை எடுத்துவிட்டு அடையாளத்தை விட்டுவைத்தால் சில சமயம் பெயர் சொல்வதைவிட மோசமாகிறது. நேரே சொல்லத் துணியாமல் சாடை பேசினார்கள் என்ற குறையும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. மாமி எழுதியது "வடை மிஞ்சிவிட்டது" என்பது மட்டும்தான். பல் உடையும் அளவுக்கு வடை கல்லாக இருந்தது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. சிரிப்புக்காக மாற்றி எழுதியபோது மூலத்தில் இல்லாத ஒரு குற்றச்சாட்டு உள்ளே நுழைந்துவிட்டது. அது போவதும் மாமியின் பெயரில். அடுத்த நாள் லிஃப்டில் அந்த மாமாவைப் பார்க்க வேண்டியவரும் மாமிதான். மாற்றி எழுதியதும் மூலத்தைப் பக்கத்தில் வைத்து, யாரைப் பற்றியாவது புதிதாக ஏதாவது சொல்லியிருக்கிறோமா என்று விரல் வைத்துப் பாருங்கள். இருந்தால் அது எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும் வெளியே போக வேண்டும்.

சரி, வடையை வைத்துச் சிரிக்கவே கூடாதா? சிரிக்கலாம். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஜாலியாக எழுதச் சொன்னால் நம் கை தானாக முதலாவதற்குத்தான் போகும், அது சுலபம் என்பதால். எழுதுகிறவர் தன்னுடைய பேதைமையையோ, ஒரு நிலைமையின் அசட்டுத்தனத்தையோ எடுத்துக்கொண்டால் சிரிப்பு குறையாது, அடி வாங்குகிறவர் மட்டும் இருக்கமாட்டார்.

மாமியிடம் விசாரித்ததில், போன வருஷம் மூன்று வீடுகளிலிருந்து வடை வந்ததும், மிஞ்சியதை அவர்தான் வீட்டுக்கு எடுத்துப்போனதும் தெரிந்தது. "காலைல தயிர்வடை, ராத்திரி வடைகறி, எங்காத்து மாமா என்னோட பேசறதையே நிறுத்திட்டார்" என்று அவரே சிரித்தார். அங்கேயே ஜோக் கிடைத்துவிட்டது. மூன்று வீடு என்றதும் ஐந்தாம் மாடி மாமா கூட்டத்தில் கலந்துவிட்டார். மிச்சத்தோடு மல்லுக்கட்டியது அனுப்புகிறவரே என்பதால் சிரிப்பு அவர் பக்கம் போய்விட்டது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அனுப்புகிறவரை வைத்துச் சிரிப்பது பத்திரமான வழி என்று அவரைக் கேட்காமலே எழுதிவிடக் கூடாது. நாம் இன்னொருவருக்காக மாற்றி எழுதுகிறோம். "எனக்கு வயசாயிடுச்சு, ஞாபகமே இல்லை" என்று நாமாக அவர் வாயில் ஒரு வரியைப் போட்டால் கிண்டல் செய்யப்படுவது அவர்தான். அவர் சொன்ன ஜோக்கை அவர் சொன்ன அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மாமா பேசுவதை நிறுத்திய கதையை நாங்கள் சேர்க்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாலும், குழுவில் அந்த மாமாவும் இருக்கிறார்.

அறிகுறி: யாரையும் சொல்லவில்லை, ஆனாலும் யாருக்கோ சுருக்கென்கிறது

குற்றம் பெரிய சொற்களில் இருக்காது, வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொற்களில் இருக்கும். தமிழில் இவைதான் அதிகம் குத்துகின்றன, பேச்சில் புன்னகையோடு சொல்லிப் பழகியதால் எழுதும்போது நம் கண்ணில் படுவதும் இல்லை.

"இந்த வருஷமாவது நேரத்துக்கு வந்துடுங்க." இதில் "ஆவது" இருப்பதால் போன வருஷம் தாமதமாக வந்தவர்களின் பட்டியல் படிப்பவர் மனதில் விரிகிறது. வெறும் "நேரத்துக்கு வந்துடுங்க" என்றால் அது ஒரு வேண்டுகோள்.

"மெகா பிளாக்காம்" இன்னும் கூர்மையானது. "மெகா பிளாக்" என்றால் செய்தி. "மெகா பிளாக்காம்" என்றால், அவர் அப்படிச் சொல்கிறார், நான் நம்பவில்லை என்று பொருள். மேற்கோள் குறியும் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். முன்பு எங்கள் சொசைட்டியில் இருந்துவிட்டு வாஷிக்குக் குடிபோன ஒரு அண்ணன் ஹார்பர் லைனில்தான் வரவேண்டும். போன பொங்கலுக்கு அவர் சாப்பாடு முடியும் நேரத்தில் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்பர் லைனில் பராமரிப்புக்காகப் பகலில் ரயிலை நிறுத்துவது மும்பையில் சாதாரணம், பெரும்பாலும் காலை 11 மணிவாக்கில் தொடங்கி மாலை 4 மணிவாக்கில் முடியும். 11.30க்குப் பொங்கல் வைத்தால் அது நேரே அவர் தலையில்தான் விழும். நிஜமாகவே மாட்டிக்கொண்டவரைப் பார்த்துப் பொய் சொல்கிறார் என்று ஊர் முன் சொன்னது போல ஆகியிருக்கும்.

"சமையல் தெரியாத பேச்சிலர்ஸ்கூட" என்பதில் "கூட" அவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்திவிடுகிறது. எங்கள் கட்டடத்தில் தனியாக இருக்கும் தம்பிகள் இருவரில் ஒருவன் பிரமாதமாகச் சமைப்பான் என்பது வேறு விஷயம். "போல", "ஆக்கும்", "என்னமோ", "பாவம்" இவையும் இதே குடும்பம். "அவர் பிஸி" என்பதையும் "அவர் பிஸி போல" என்பதையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

சரிசெய்யும் முறை: அந்த வாலை மட்டும் வெட்டிவிட்டுப் படியுங்கள். தகவல் எதுவும் குறையவில்லை என்றால் வால் சுமந்து வந்தது குறை மட்டும்தான், வெட்டியது வெட்டியபடி இருக்கட்டும். தகவல் குறைந்தால் அதை வெளிப்படையாகத் தனி வாக்கியமாக எழுதுங்கள். தாமதம் உண்மையிலேயே பிரச்சினை என்றால் அதற்குக் காரணமான ரயிலைப் பற்றிப் பேசலாம், பிளாக் நேரத்தை முன்கூட்டியே சொல்கிறேன் என்று கைகொடுக்கலாம்.

இரண்டு நண்பர்களுக்குள் "இந்தத் தடவையாவது வாடா" என்றால் அதில் பாசம்தான் இருக்கிறது. அந்த "டா" இருவரின் உறவையும் கூடவே தூக்கி வருகிறது. அறுபது பேர் படிக்கும் குழுவில் அப்படித் தூக்கி வர எதுவும் இல்லை.

அறிகுறி: பாராட்டித்தான் எழுதினோம், அவமானமாக எடுத்துக்கொண்டார்கள்

"வடை மன்னர்", "பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்", கூடவே ஒரு கும்பிடு. செய்தி முழுக்கப் பேச்சுத் தமிழில் போய்க்கொண்டிருக்க, ஒருவரைப் பற்றிய வரி மட்டும் திடீரென்று அழைப்பிதழ்த் தமிழுக்கு ஏறினால், அந்த ஏற்றமே நக்கல் என்று தமிழ்க் காது புரிந்துகொள்கிறது. "துரை எழுந்தாச்சா?" என்று வீட்டில் கேட்டால் யாரும் அதை மரியாதை என்று நினைப்பதில்லையே. புகழ்வது போலப் பழிப்பதை வஞ்சப்புகழ்ச்சி என்று பள்ளியிலேயே படித்து வளர்ந்த கூட்டம் நாம். அளவுக்கு மீறிய புகழைப் பார்த்ததும் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுவோம்.

மரியாதையின் அளவை முன்பின் வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாமாவை வழக்கமாக "மாமா" என்று கூப்பிடுகிறோம் என்றால் செய்தியிலும் மாமாதான். பாராட்ட வேண்டுமானால் பட்டம் கொடுக்காமல் நடந்ததைச் சொல்லுங்கள்: "போன வருஷம் புளியோதரைப் பாத்திரம்தான் முதல்ல காலி." இதில் திருப்பிப் பிடிக்க எதுவும் இல்லை. யார் செய்தது என்று எல்லாருக்கும் தெரியும், அவரும் உள்ளூரச் சந்தோஷப்படுவார்.

அறிகுறி: சிரிப்புப் பொம்மை போட்டும் சரியாகவில்லை

ஜோக்கை ஜோக் என்று காட்ட எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு முகம் போடும் யோசனை பழையது. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19 அன்று `:-)` என்ற குறியை அதற்காகவே முன்வைத்தார். இது ஜோக் என்று அது சொல்லும். யாரை வைத்து ஜோக் என்பதை அதனால் மாற்ற முடியாது. மெகா பிளாக் வரியின் கடைசியில் இருந்த 😂, எழுதினவர் சிரிக்கிறார் என்றுதான் காட்டியது. வாஷி அண்ணனுக்கு அது இன்னும் எரிச்சலாக இருக்கும். முதலில் எல்லா முகங்களையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் நன்றாக இருக்கும் செய்திக்குத்தான் முகம் சேர்க்கலாம். சும்மா புன்னகைக்கும் 🙂 விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பெரியவர்கள் அன்பாகப் போடுவதை இளசுகள் கடுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அறிகுறி: ஒருவர் பேசுவது மாதிரியே எழுதினோம்

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் இந்தி கலந்த தமிழ், பாலக்காட்டு மாமியின் ராகம், நெல்லைக்காரரின் "ஏலே". நேரில் செய்து காட்டினால் அவர்களே சிரிக்கலாம். எழுத்தில் அது அவர்கள் தமிழைத் திருத்துவது போல ஆகிவிடும். இதற்குச் சரிசெய்யும் முறை ஒன்றும் கிடையாது, எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: எல்லாவற்றையும் எடுத்த பிறகு மறுபடி சர்க்குலர் ஆகிவிட்டது

பயந்து பயந்து வெட்டினால் இதுதான் நடக்கும். செய்தி முழுவதும் துள்ள வேண்டிய அவசியமில்லை, ஓரிரு இடத்தில் துள்ளினால் போதும். தேதி, நேரம், அளவு, கடைசி நாள் இவற்றை நேராகவே எழுதுங்கள். அங்கே விளையாடினால் "11.30 நிஜமா, ஜோக்கா?" என்று தனித்தனியாகக் கேட்பார்கள். பணம் கேட்கிற வரியிலும் விளையாட்டு வேண்டாம், கொடுக்க முடியாதவருக்கு அது சுடும். எடுத்த சிரிப்பைப் பொருள்கள் மேல் வையுங்கள். பானை கோபித்துக்கொள்ளாது, ரயிலுக்கு வருத்தம் இல்லை.

கடைசியில் குழுவில் போனது இது:

> பொங்கலோ பொங்கல்! 🎉
> ஞாயிறு காலை 11.30 மணி, மொட்டை மாடி. 12.30க்கு சாப்பாடு. நம்ம பானை யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லை, சூடு ஏறினா பொங்கிடும். ஹார்பர் லைனுக்கும் அன்னிக்குத்தான் ஓய்வு வேணும்னு தோணலாம். மெகா பிளாக் இருந்தா நேரத்தை சனிக்கிழமையே இங்க போடறேன், ரயில்ல வரவங்க அதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க.
> வீட்டுக்கு ஒரு ஐட்டம், 15 பேருக்கு. சமைக்க நேரமில்லைன்னா கரும்பு, வாழைப்பழம், மோர் எதுவானாலும் சரி.
> போன வருஷம் மூணு வீட்டு வடை ஒண்ணா வந்து சேர்ந்தது. மிஞ்சினதைக் காலைல தயிர்வடை, ராத்திரி வடைகறின்னு தீர்த்தது நான்தான். அதனால இந்த வருஷம் வடை ஒரே ஒரு வீட்டுலேருந்து, முதல்ல சொல்றவங்களுக்கு.
> என்ன கொண்டு வரீங்கன்னு வெள்ளிக்குள்ள சொல்லிடுங்க.

வடை வரியில் மாமாவுக்கும் இடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஓய்வெடுக்கச் சொல்லாமல், முதலில் கை தூக்கச் சொல்கிறது. முதலில் கை தூக்கியவரும் அவர்தான்.

அறிகுறி: அனுப்பியாகிவிட்டது, குழு திடீரென்று அமைதியாகிவிட்டது

வாட்ஸப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம், ஆனால் திருத்தப்பட்டது என்ற குறிப்பு தெரியும். அதற்குள் பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டுமே படித்ததாகச் செய்தித் தகவலில் காட்டினால் திருத்துவது சரி. பாதிக் குழு பார்த்துவிட்டது என்றால் திருத்துவதும் நீக்குவதும் "என்ன இருந்தது?" என்ற ஆராய்ச்சியைத்தான் கிளப்பும், யாராவது ஸ்க்ரீன்ஷாட் வைத்திருப்பார்கள்.

அப்போது சம்பந்தப்பட்டவருக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். எழுத்தில் கெட்டதை எழுத்தாலேயே சரிசெய்யப் போனால் முதலில் சொன்ன 56 சதவீதக் கதைதான் திரும்பவும் நடக்கும். போனில் "சும்மா விளையாட்டுக்குச் சொன்னது மாமா" என்று ஆரம்பிக்க வேண்டாம், உங்களுக்கு விளையாட்டு புரியவில்லை என்று அவர் காதில் விழும். "அந்த வடை வரி சரியில்லை, எடுத்திருக்கணும், மன்னிச்சுக்கோங்க" என்றால் போதும். குழுவில் விளக்கம் எதுவும் போடாமல் விவரங்களை மட்டும் புதிதாக ஒரு செய்தியாகப் போட்டுவிடுங்கள். அடுத்த சில பண்டிகைகளுக்கு அவரை வைத்து எந்தச் சிரிப்பும் வேண்டாம், நல்லவிதமானதாக இருந்தாலும்.